கனவில் திருநீறு கொடுத்தவர் யார்?

முன்பின் தெரியாத ஆள் நீட்டும் திருநீற்றை வாங்காதே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். பஸ் ஸ்டாண்டில் காவி கட்டிய ஒருவர் நெற்றியில் பூச வந்தால் ஒதுங்கிப் போகிறோம். திருநீற்றைப் பூசி மயக்கி நகையைக் கழற்றிக்கொண்டு போன கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அதே காரியம் கனவில் நடந்தால் மட்டும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. முகம் தெரியாத ஒரு பெரியவர் கையில் திருநீறு கொடுத்தார், யாரோ ஓர் அம்மா தலையில் பூ வைத்துவிட்டாள், கோயில் வாசலில் யாரோ தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள் என்று கனவு கண்டவர், விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறார்.

இந்தக் கனவைப் பற்றிப் பேசுகிற பலரும் ‘இதற்கு என்ன பலன்?’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காலண்டர் தாளிலும் ராசிபலன் பக்கத்திலும் கிடைக்கிற பதில் ஒற்றை வரிதான்: திருநீறு வாங்கினால் நோய் தீரும், பூ வாங்கினால் சுபகாரியம், பிரசாதம் வாங்கினால் வேண்டுதல் பலிக்கும். ஆனால் கோயில் வழக்கத்தில் ஊறிய வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பலனை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். முதலில் கேட்பது ‘கொடுத்தது யாரு?’ என்றுதான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கதை மரபு ஒன்று இருக்கிறது. சைவ அடியார் வரலாறுகளில் சாமி நேரே சாமியாக வருவது குறைவு. பெரும்பாலும் வழிப்போக்கராக, கிழவராக, அந்தணராகத்தான் வருவார். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வந்த அப்பர் பசியிலும் தாகத்திலும் தளர்ந்து போகிறார். வழியில் ஓர் அந்தணர் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். இதைச் சாப்பிடுங்கள், குளத்துத் தண்ணீரைக் குடியுங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் கூடவே நடந்து வருகிறார். கோயில் நெருங்கியதும் ஆளைக் காணோம். அப்போதுதான் அப்பருக்கு விளங்குகிறது. சீர்காழி அருகே திருக்குருகாவூரில் சுந்தரருக்கும் இதேபோலப் பொதிசோறு கிடைக்கிறது. இவை விழிப்பில் நடந்ததாகச் சொல்லப்படுபவை. கனவில் வந்த கதைகளும் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சிவன் சம்பந்தர், அப்பர் இருவர் கனவிலும் தோன்றி, தினமும் ஆளுக்கொரு காசு பீடத்தில் வைப்பதாகச் சொல்கிறார். மறுநாள் காசு இருக்கிறது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குக் கனவில் வரும் அந்நியர் வெறும் அந்நியராக இருக்க முடியாது. முகம் நினைவில் நிற்காததையே நம்புகிறவர்கள் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘முகம் தெரியலை, ஆனா வெள்ளை வேட்டி’, ‘முகம் தெரியலை, நெத்தி நிறையப் பொட்டு’ என்பது இந்தக் கனவுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம். வெள்ளை வேட்டிக் கிழவர் என்றால் சிவன் அல்லது குலத்து முன்னோர், கையில் குச்சியோடு சின்னப் பையன் என்றால் முருகன், சிவப்புப் புடவை என்றால் அம்மன் என்று ஆளை அடையாளம் காண்பது அந்தந்த வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. சுடலைமாடனைக் கும்பிடும் வீட்டில் ஒரு மாதிரியும், பெருமாளைக் கும்பிடும் வீட்டில் வேறு மாதிரியும் அடையாளம் சொல்வார்கள்.

அடுத்த கேள்வி ‘வாங்கினியா, வேண்டாம்னுட்டியா?’ என்பது. இதில் அவர்களுக்கு உண்மையான பயம் இருக்கிறது. காளமேகப் புலவர் கதை அந்தப் பயத்துக்கு நல்ல உதாரணம். திருவானைக்காவில் ஒருவர் வாக்குச் சித்தி வேண்டித் தவம் இருக்கிறார். இரவில் அகிலாண்டேசுவரி சிறு பெண்ணாக, வாய் நிறையத் தாம்பூலத்தோடு வந்து வாயைத் திறக்கச் சொல்கிறாள். யாரோ பெண்ணின் எச்சில் என்று நினைத்து அவர் கோபித்து விரட்டுகிறார். அங்கேயே ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர் சீரங்கத்துக் கோயில் மடைப்பள்ளி ஆள். அவர் தூக்கக் கலக்கத்தில் வாயைத் திறக்கிறார், தாம்பூலம் அவருக்குப் போகிறது. அவர்தான் காளமேகம். தவம் கிடந்தவருக்கு வர வேண்டியது, கொடுத்தவரை அடையாளம் தெரியாததால் கைமாறிவிட்டது. அதனால்தான் கனவில் கையை இழுத்துக்கொண்டவர்கள் வாங்கியவர்களைவிட அதிகமாகக் கலங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லப்படும் மாற்று எளிமையானது: அதே கோயிலுக்குப் போய், கனவில் மறுத்ததை நேரில் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று பொருள்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம் என்றாலும், நம்பிக்கையில் அவற்றுக்குச் சம இடம் இல்லை. பூவில் சிக்கல் குறைவு. வாடாமல் இருந்ததா, எந்த நிறம், தலையில் வைத்தார்களா மடியில் போட்டார்களா என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் மடியில் விழுந்த பூ என்றால் மறு பேச்சே கிடையாது. திருநீற்றில் இரண்டு பக்கம் உண்டு. நோய்க்காரர் வீட்டில் அது மருந்து. மன்னனின் வெப்புநோயைச் சம்பந்தர் திருநீறு பூசி ஆற்றிய மதுரைக் கதையை அறியாதவர்கள் குறைவு. திருவதிகையில் சூலை நோயால் துடித்த தம்பிக்குத் திலகவதியார் ஐந்தெழுத்தை ஓதிக் கொடுத்ததும் திருநீறுதான். ஆனால் வீட்டில் வயதானவர் படுத்த படுக்கையாக இருந்தால், சாம்பல் என்கிற நினைப்பே வேறு பக்கம் இழுக்கும். அதனால் கொடுத்த கை, தட்டு, வாசனை என்று துருவித் துருவிக் கேட்பார்கள். தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தது திருநீறு. தரையில் இருந்து அள்ளியது வெறும் சாம்பல். இப்படி ஒரு பாகுபாட்டை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம்.

சாப்பாடுதான் உண்மையிலேயே சிக்கலான பொருள். கனவில் சாப்பிடுவது நல்லதல்ல என்பது தமிழ்நாட்டில் பரவலான நம்பிக்கை. யாராவது மருந்து வைத்திருந்தால், அதாவது வசியத்துக்கோ கெடுதலுக்கோ உணவில் எதையாவது கலந்து கொடுத்திருந்தால், கனவில் திரும்பத் திரும்பச் சாப்பிடுவது போல வரும் என்பார்கள். அந்த இடுமருந்தை எடுத்துவிடுகிறேன் என்று தொழில் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆக, கனவில் ஓர் அந்நியர் சோறு கொடுத்தால் அது திருப்பைஞ்ஞீலிப் பொதிசோறாகவும் இருக்கலாம், செய்வினையாகவும் இருக்கலாம். எப்படிப் பிரிப்பது? இடம்தான் முதல் அடையாளம். கோயில் மண்டபம், படிக்கட்டு, கோபுர வாசல் என்று ஏதாவது தெரிந்திருந்தால் அது பிரசாதம். அடையாளம் தெரியாத வீட்டுக்குள், இலை போட்டு வயிறு நிறையச் சாப்பிட்டால் சந்தேகம். அளவையும் பார்ப்பார்கள். பிரசாதம் என்பது ஒரு கை, ஒரு தொன்னை. கறிச்சோறு என்றால் வைணவ வீட்டில் முகம் சுளிப்பார்கள். கிடா வெட்டும் குலதெய்வக் கோயில்காரர்கள் ‘நம்ம சாமிதான்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி ஓடும் என்பதற்கு, நெல்லைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஞ்சியோ செய்ய நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் மனைவிக்குக் கனவு. கடற்கரை மாதிரி ஓர் இடம். கூட்டத்தில் வேட்டி கட்டிய ஒருவர் நீளமான இலை ஒன்றை மடித்து இவர் கையில் வைத்துவிட்டு நகர்கிறார். பிரித்துப் பார்த்தால் திருநீறு. பூசிக்கொள்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

காலையில் மாமியாரிடம் சொன்னார்.

“எந்தக் கையில வாங்குன?” என்றார் மாமியார்.

“வலது கைதான் அத்தை.”

“கீழ சிந்துச்சா?”

“இல்ல, மடிச்சுத்தான் இருந்துச்சு.”

“இலைன்னியே, வெத்திலையா?”

“வெத்திலை இல்ல அத்தை. நீளமா இருந்துச்சு.”

அதோடு மாமியாருக்கு விஷயம் முடிந்துவிட்டது. திருச்செந்தூர். அங்கே திருநீற்றைப் பன்னீர் மரத்து இலையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த இலையில் உள்ள பன்னிரண்டு நரம்புகளும் முருகனின் பன்னிரண்டு கைகள் என்பது ஐதீகம். கோபுரத் திருப்பணி செய்த தேசிகமூர்த்தி சுவாமி வேலையாட்களுக்குக் கூலியாக இலைத் திருநீற்றைக் கொடுக்க, அது அவரவர் வேலைக்கேற்ற காசாக மாறியது என்பதும் அந்தப் பக்கம் எல்லாரும் சொல்லும் கதை. இலைத் திருநீறு பலவகை நோய்களைத் தீர்க்கும் என்று ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் சுப்பிரமணிய புஜங்கமும் பாடுகிறது. இதய நோய்க்காரர் வீட்டில் இதைவிடப் பொருத்தமான கனவு வர முடியுமா?

ஆனால் கொழுந்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகவில்லை, குலதெய்வத்தை விட்டுவிட்டுத்தான் இந்தக் கஷ்டம், கேட்பது சாஸ்தாதான் என்றார் அவர். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. வெளியூரில் இருப்பவர்களும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து சேர்வார்கள். போகாமல் விட்டது எல்லார் மனத்திலும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இப்படி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது மரபு வைத்திருக்கும் வழி, பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் ஒரே அளவுத் துண்டுத் தாளில், வெளியே நிறம் தெரியாதபடி பொட்டலமாக மடிக்க வேண்டும். சாமி காலடியில் வைத்து, கேள்வியை வாய்விட்டுச் சொல்லி, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் ஆம். இதில் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்–இல்லை என்று பதில் வரும்படி இருக்க வேண்டும் என்பது முக்கியம். ‘திருச்செந்தூரா, சாஸ்தாவா?’ என்று கேட்டால் எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று பிறகு சண்டைதான் வரும். சாஸ்தா கோயிலிலேயே கேட்டார்கள்: ‘கேக்குறது நீயா?’ வெள்ளை வந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வீட்டில் வைத்தார்கள், வரும் உத்திரத்துக்கு வருவதாக நேர்ந்துகொண்டார்கள். குறித்த நாளில் ஆஞ்சியோவும் நடந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். மாமியார் மட்டும் மனம் கேட்காமல் திருச்செந்தூருக்கும் ஒரு நடை போய் இலைத் திருநீறு வாங்கி வந்துவிட்டார்.

இந்தக் கனவைப் பற்றி நான் கவனித்ததில் முக்கியமானது இதுதான். கொடுப்பதாக வந்த கனவை, நம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சாமி சும்மா வந்து கொடுத்துவிட்டுப் போகாது, ஏதோ பாக்கி இருக்கிறது, அதை நினைவூட்டத்தான் வந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. எடுக்காத மொட்டை, குத்தாத காது, போடாத பொங்கல் என்று தேடினால் எந்தக் குடும்பத்திலும் ஒன்று அகப்படும். அதனால் இந்தக் கனவு பொருந்தாமல் போவது அபூர்வம்.

கனவைச் சோதித்துப் பார்க்கிற இந்த வழக்கம் ஓர் ஒழுங்கான கோயில் முறையாகவே நடக்கும் இடமும் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் காங்கேயம் அருகே சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து, இன்ன பொருளைப் பெட்டியில் வை என்று உத்தரவிடுவதாக நம்பிக்கை. கனவு கண்டவர் கோயிலுக்கு வந்து சொல்ல வேண்டும். சொன்னதும் வைத்துவிட மாட்டார்கள். சாமி முன் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருளுக்குப் பூஜை செய்து பெட்டிக்குள் வைப்பார்கள். யார் கனவில் வந்தது, எந்த ஊர் என்ற விவரமும் எழுதி வைக்கப்படும். அடுத்த உத்தரவு இன்னொருவர் கனவில் வரும்வரை அந்தப் பொருள் இருக்கும். அது சில நாளாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி, சைக்கிள் என்று என்னென்னவோ வைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் வைத்த பிறகுதான் 2004 சுனாமி வந்தது என்பது பக்தர்கள் அடிக்கடி சொல்வது.

சுனாமிக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டியில் எது இருந்தாலும் அதற்குப் பொருந்துகிற செய்தி ஒன்று அடுத்த சில மாதங்களில் வராமலா போகும்? ஆனால் அந்த நடைமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. கனவு கண்டவர் யாராகவும் இருக்கலாம், சாதி, படிப்பு, பணம் எதுவும் குறுக்கே வராது. அதே சமயம் அவர் சொல் மட்டும் போதாது, இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும். சிவப்புப் பூ வந்தால் அவர் கொண்டுவந்த பொருளோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கனவைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. உத்தரவு இல்லை, அவ்வளவுதான்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்வதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பழைய கனா நூல் மரபு இரவை நான்கு சாமமாகப் பிரிக்கிறது. முதல் சாமக் கனவு ஓராண்டில், இரண்டாவது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைசிச் சாமத்துக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்கிறது. தூக்கத்தை ஆராய்கிறவர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கச் சுழற்சி திரும்பும்; தெளிவான கனவுகள் அதிகம் வருவது விழிகள் வேகமாக அசையும் கட்டத்தில். இரவு போகப் போக அந்தக் கட்டம் நீளும், விடியும் நேரத்தில் மிக நீளம். அந்தக் கட்டத்தின் நடுவிலோ முடிவிலோ விழித்துக்கொண்டால் கனவு நினைவில் தங்கும். ஆக, விடியற்காலைக் கனவுதான் தெளிவாகவும் முழுதாகவும் நினைவிருக்கும் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. நினைவிருக்கும் கனவைத்தானே நடந்ததோடு பொருத்திப் பார்க்க முடியும்?

ஆபரேஷன், பரீட்சை, பெண் பார்க்க வருவது என்று மனம் ஒன்றையே சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் இந்தக் கனவு அதிகம் வருவதிலும் ஆச்சரியமில்லை. கந்த சஷ்டி ஆறு நாள் விரதம் இருக்கும்போதும், மாலை போட்டிருக்கும்போதும் பகலெல்லாம் கண்ணில் படுவது திருநீறும் பூவும் பிரசாதமும்தான். பூசாரியின் முகத்தைவிடத் தட்டும் கையும்தான் நாம் கோயிலில் உற்றுப் பார்ப்பது. வரிசையில் நின்று நகரும்போது கொடுப்பவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கனவிலும் கை தெளிவாக, முகம் மங்கலாக வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தவறு நடக்கிற இடம் கனவும் அல்ல, கோயிலும் அல்ல. நடுவில் வரும் ஆள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லியிருந்தால் ஒரு தேங்காய் பழத்தோடு, மிஞ்சினால் ஒரு பொங்கலோடு முடிந்திருக்கும் விஷயத்தை, பலன் சொல்கிறேன் என்று போனில் பேசுகிறவரிடம் கொண்டுபோகும்போது அது தோஷமாக மாறுகிறது. அவர் எப்போதும் கனவில் ஒரு குறை கண்டுபிடிப்பார்: பூசுவதற்குள் விழித்துவிட்டீர்களே, பூ இடது பக்கம் விழுந்ததே, கொடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லையே. அதற்கு ஒரு பரிகாரம், அதற்கு ஒரு தொகை. ஆளை எடைபோட நம்புகிறவர்கள் மத்தியிலேயே வழிகள் இருக்கின்றன. அவர் உங்கள் குலதெய்வம் எது என்று கேட்காமலே பலன் சொல்லத் தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம். கேட்கிற சாமிக்குச் செய்யாமல், வேறு எங்கோ நடக்கும் ஹோமத்துக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும் அப்படித்தான். பூக் கேட்டுப் பார்க்கிறேன் என்றால் அதற்குத் தடை சொல்லவும் கூடாது. சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொன்னாரானால் சண்டை போட்டாவது அவரை விட்டு விலக வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் மாமியாரும் கொழுந்தனாரும் அவ்வளவு வாதாடினார்கள், ஆனால் ஆஞ்சியோ தேதியை மாற்றலாமா என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

யாரிடம் சொல்வது என்பதிலும் வழக்கம் இரண்டாகப் பிரிகிறது. நல்ல கனவைக் கண்டால் திரும்பப் படுக்காமல் எழுந்து, சாமியிடம் மட்டும் சொல், ஊருக்குச் சொன்னால் பலன் குறையும் என்று ஒரு தரப்பு. சாமி கனவை மறைத்தால் குற்றம், சொல்லியே ஆக வேண்டும் என்று இன்னொரு தரப்பு. சிவன்மலைக்காரர்கள் இரண்டாம் வகை. நெல்லையில் நான் பார்த்தவர்கள் நடுவில் நிற்கிறார்கள். வீட்டுக்குள் ஒருவரிடம் சொல்வார்கள், பூக் கேட்டு முடியும்வரை வெளியே மூச்சு விட மாட்டார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: நாலு பேர் காதில் விழுந்தால் நாலு சாமி பெயர் வரும், பூக் கேட்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.